“லேபிள் அருமை மேடம், மாசம் 20 லீடு தர்றோம்”: நான் எழுதிய பதில்

செக்கு எண்ணெய், மசாலாப் பொடி, சிறுதானிய மாவு, தேன் என்று சிறிய உணவுத் தொழில்களுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. ஈரோட்டில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து தனி ஆளாகச் செய்கிறேன். ஒரு வேலை முடிந்து சரக்கு கடைக்குப் போன பிறகு, வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு அதன் படங்களை லிங்க்ட்இன்னில் போடுவேன். போன ஆண்டு ஒரு கடலை எண்ணெய் பாட்டிலின் லேபிளைப் போட்டபோது, அதன் கீழே ஓர் இளைஞர் இப்படி எழுதியிருந்தார்.

“வணக்கம் மேடம். லேபிள் ரொம்ப அருமை. பின்பக்கத்துல சத்து விவரத்தை இவ்வளவு தெளிவா வச்சிருக்கீங்க, எங்கம்மாவே கண்ணாடி போடாம படிச்சிடுவாங்க. நாங்க டிசைனர்களுக்குப் புது கஸ்டமர் பிடிச்சுக் கொடுக்கிறோம். மாசம் 20 லீடு கேரண்டி. மாசம் 15,000 ரூபாய்தான், ஜிஎஸ்டி தனி. குறைந்தது மூணு மாசம். உங்க நம்பர் அனுப்புங்க, இன்னைக்கே பேசிடலாம்.”

லீடு என்று அவர் சொல்வது, வாடிக்கையாளராகக் கூடிய ஒருவருடைய பெயரையும் எண்ணையும். நான் எழுதிய பதில் இது.

“நன்றிங்க. பின்பக்க எழுத்தைக் கவனிச்சுச் சொன்னது ரொம்ப சந்தோஷம், அந்த லேபிள்ல அதிக நேரம் எடுத்தது அந்தப் பக்கம்தான். லீடு சேவை எனக்கு வேண்டாங்க. எனக்கு வேலை அச்சகக்காரங்க மூலமாவும் பழைய வாடிக்கையாளர்கள் மூலமாவும் வருது, அப்படியே தொடரப் போறேன். அதனால எனக்காக நீங்க மறுபடி நேரம் ஒதுக்க வேண்டாம். உங்க வேலை நல்லபடியா நடக்கட்டும்.”

இதை எழுத ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனால் இதில் என்ன இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பதெல்லாம் பல காலமாகப் பார்த்துப் பழகி எனக்குள் படிந்தவை. தனியாகத் தொழில் செய்கிற எல்லோருக்கும் இப்படிப்பட்ட விற்பனை அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, எதிரே ஆள் இருக்கிறாரா என்பது. இந்த வகை அழைப்புகளில் பெரும்பகுதி ஆளே இல்லாமல் வருகிறவை. படம் போட்ட ஒரே நிமிடத்தில் வந்து விழும். “அற்புதமான படைப்பு, உங்கள் இணையதளத்தை மேம்படுத்த விரும்புகிறீர்களா” என்றிருக்கும்; நான் போட்டது எண்ணெய் பாட்டில், அங்கே இணையதளமே கிடையாது. அதே வாசகம் எழுத்துப் பிழை உட்பட வேறு நாலு பேருடைய படத்துக்குக் கீழேயும் இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்து அதன் சமீபத்திய கருத்துகளைப் பார்த்தால் இது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சுருக்கிய இணைப்பு ஒன்றைத் தந்து அதைத் தட்டச் சொல்வதும், பேச்சை உடனே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ இழுப்பதும் இவற்றில் சாதாரணம். இவற்றுக்கு நான் பதில் எழுதுவதில்லை, இணைப்பைத் தட்டுவதும் இல்லை. மூன்று புள்ளியை அழுத்தி, ஸ்பேம் என்று புகார் கொடுத்துவிட்டு அழித்துவிடுவேன். பதில் எழுதினால், இந்தக் கணக்கில் ஆள் விழிப்பாக இருக்கிறார் என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆள் இருக்கிறார் என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். பாராட்டில், என் வேலையைப் பார்க்காமல் எழுதவே முடியாத ஒரு விஷயமாவது இருக்கிறதா? அந்த இளைஞர் பின்பக்கத்தைப் பற்றி எழுதியிருந்தார். எண்ணெய் லேபிளின் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள்; செக்குப் படம், பெயர், பச்சைப் புள்ளி. பின்பக்கம் அப்படி இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம், சத்து விவர அட்டவணை, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, தயாரிப்பாளர் முகவரி, குறை சொல்லத் தொலைபேசி எண் என்று சட்டம் கேட்கிற அத்தனையையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கியாக வேண்டும். எழுத்தை நெருக்கினால் படிக்க முடியாது, பெரிதாக்கினால் இடம் போதாது. அந்தக் கடலை எண்ணெய்க்கு முகவரியை மூன்று வரியிலிருந்து இரண்டு வரியாக்கி, அட்டவணையின் கோடுகளை எடுத்துவிட்டு வெறும் இடைவெளியால் பிரித்தேன். அதனால் கிடைத்த இடத்தில்தான் எழுத்தைப் பெரிதாக்க முடிந்தது. அதைக் கவனித்து, அவருடைய அம்மா படிப்பார் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். விற்க வந்தவர்தான். ஆனாலும் அந்த வரி பொய்யில்லை. அதற்கு மனசார நன்றி சொல்வதுதான் முறை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். நன்றியை இவ்வளவு மனசாரச் சொன்னால், சேவையிலும் ஆர்வம் இருப்பதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா? எடுத்துக்கொள்வார்கள், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால். “ரொம்ப நல்ல சேவை, ஆனா இப்போ முடியல” என்று எழுதினால் பாராட்டும் மறுப்பும் ஒரே பொருளின் மேல் விழுகின்றன. என் பதிலில் நன்றி அவர் லேபிளைக் கவனித்ததற்கு. மறுப்பு லீடு சேவைக்கு. நன்றியில் சேவையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மறுப்பு வரியில் பாராட்டு இல்லை. அவருடைய நிறுவனம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நல்ல சேவை என்று சொல்வது எனக்கும் அவருக்கும் பயன்படாது.

“வேண்டாங்க” என்று நேராக எழுதியதைப் பார்த்து, என் சிநேகிதி ஒருத்தி, “இன்னும் கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கலாமே” என்றாள். கல்யாணப் புகைப்படம் எடுப்பவள். அவள் எல்லோரிடமும், “ரொம்ப நன்றி சார், இப்போதைக்கு பட்ஜெட் இல்ல, தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்” என்றுதான் சொல்வாள். தீபாவளி முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். முகூர்த்த நாளில், மணமேடைக்கு எதிரே நிற்கும்போதுகூடப் போன் அடிக்கும். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் கூப்பிடச் சொன்னது அவள்தானே என்று நான் சொல்வேன்.

இது எப்படி நடக்கிறது என்பதை என் சித்தி மகன் விளக்கினான். கோயம்புத்தூரில் இப்படி ஒரு விற்பனை அலுவலகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன். காலையில் வந்ததும் ஒரு எக்செல் ஷீட்டைத் திறப்பார்களாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு நிலை இருக்கும்: ஆர்வம் உண்டு, பிறகு கூப்பிட வேண்டும், வேண்டாம், எடுக்கவில்லை. “பிறகு” என்று எந்த உருவத்தில் சொன்னாலும் அதற்கு நேரே ஒரு தேதி ஏறிவிடும். தேதி வந்ததும் கூப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கிறவர் கேட்பார். “பார்க்கலாம்னு சொல்றவங்கதான்க்கா எங்களை அதிகமா அலைய விட்டாங்க. ஒரே ஆளை ஆறேழு தடவ கூப்பிடுவோம், கடைசில எடுக்கவே மாட்டாங்க. வேண்டாம்னு மொதல்லயே சொன்னா, அந்தப் பேரை மூடிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடலாம். அது எவ்வளவு நிம்மதி தெரியுமா?” என்றான். அவனுக்கு அப்போது மாதச் சம்பளம் குறைவு, இலக்கை எட்டினால்தான் கையில் நாலு காசு மிஞ்சும். அவன் பேசியதைக் கேட்ட பிறகு, நேராக “வேண்டாம்” சொல்வதுதான் அந்தப் பக்கம் இருப்பவருக்குச் செய்கிற மரியாதை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. “எனக்காக மறுபடி நேரம் ஒதுக்க வேண்டாம்” என்ற வரியை அவனை நினைத்துத்தான் சேர்த்துக்கொள்கிறேன். அந்த ஷீட்டில் என் பெயருக்கு நேரே தேதி ஏறக் கூடாது.

அடுத்தது காரணம். காரணம் சொல்லாமலே மறுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நம்மூர்ப் பேச்சில் வெறும் “வேண்டாம்” முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரிப் படும் என்பதால் நான் ஒரு காரணம் சொல்வேன், ஒன்றே ஒன்று. அது எதிரே இருப்பவர் சரிசெய்யக் கூடியதாக இருக்கக் கூடாது. விலை அதிகம் என்றால் குறைப்பார். நேரமில்லை என்றால், “நாங்களே பேசி முடிச்சுத் தர்றோம்” என்பார். மூன்று மாதம் நீளம் என்றால் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள் என்பார். இவையெல்லாம் அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பதில்கள். ஒவ்வொரு தடைக்கும் ஒரு வரி தயாராக இருக்கும். “எனக்கு வேலை இந்த வழியில் வருது, அப்படியே தொடரப் போறேன்” என்பதற்கு அப்படித் தயாரான வரி கிடையாது. அது என் தொழிலை நான் எப்படி நடத்துகிறேன் என்பதைப் பற்றியது, அவருடைய சேவையில் குறை எதையும் சொல்லவில்லை. அவர் சரிசெய்ய அதில் எதுவும் இல்லை.

அந்தக் காரணம் சாக்காக இருக்கக் கூடாது, உண்மையாக இருக்க வேண்டும். அதற்காக நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விற்பனை அழைப்பு வந்ததும் எரிச்சலில் மறுப்பது எளிது, ஆனால் நிஜமாகவே நமக்குப் பயன்படக் கூடியதாக இருந்தால்?

மாதம் 15,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 17,700. என் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே. அதனால் நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை. கட்டுகிற வரியைப் பதிவு செய்தவர்கள் மாதிரி உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ள என்னால் முடியாது. 2,700 ரூபாயும் என் கையிலிருந்து போவதுதான். மூன்று மாதத்துக்கு 53,100. இதற்கு மாதம் 20 பேருடைய பெயரும் எண்ணும் வரும். லீடு என்பது அவ்வளவுதான், வேலை உறுதியானது என்று அர்த்தமில்லை. பத்துக்கு ஒருவர் வேலை கொடுக்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டு வேலை. ஒரு லேபிளுக்கு நான் சராசரியாக வாங்குவது 18,000. அப்படியானால் ஒவ்வொரு வேலையைப் பிடிக்கவும் 8,850 ரூபாய் செலவு. வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி.

பணம் போக நேரம் இருக்கிறது. 20 பேரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். உணவு லேபிளுக்கு முதல் பேச்சே அரை மணி நேரம் ஆகும்: என்ன பொருள், பாட்டிலா பையா, எத்தனை அளவுகள், உரிமம் எடுத்தாயிற்றா, சத்துப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறதா, எங்கே அச்சடிக்கப் போகிறார்கள். அதுவே பத்து மணி நேரம். பிறகு மதிப்பீடு எழுதி அனுப்ப வேண்டும், அது பற்றி வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் என்னால் முழுக் கவனத்தோடு முடிக்க முடிவது மூன்று லேபிள். அதற்கு மேல் எடுத்தால் அச்சுக்கு முந்தைய சரிபார்ப்பில் கண் தவறும். உரிம எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் அச்சான ஸ்டிக்கர் சுருள் மொத்தமும் வீண், அந்த இழப்பு வாடிக்கையாளருடையது. அந்த மூன்று இடங்களும் சிவகாசி அச்சகம் ஒன்று அனுப்புகிறவர்களாலும், காங்கேயம் பக்கத்து எண்ணெய் ஆலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்வதாலும் பெரும்பாலான மாதங்களில் நிரம்பிவிடுகின்றன. அச்சகம் அனுப்புகிறவர் வரும்போதே பாட்டில் வாங்கி வைத்திருப்பார், அளவு தெரிந்திருக்கும், பணம் எவ்வளவு ஆகும் என்று ஓரளவு கேட்டிருப்பார். முகம் தெரியாத 20 எண்கள் அதற்கு ஈடாகாது.

இதே கணக்கு இன்னொருவருக்கு வேறு விடை தரும். வீட்டு உள்ளலங்காரம் செய்கிறவருக்கு ஒரே வேலை பல லட்சம். புதிதாக ஊர் மாறி வந்து, கையில் ஆட்களும் காலியான நாட்களும் இருக்கிற ஒருவருக்கு அந்த 53,100 பெரிய தொகையாக இருக்காது. 60 பெயரில் ஒன்று படிந்தாலும் கட்டுப்படியாகும். அப்படிப்பட்டவர் மறுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பது நல்லது. லீடு என்று எதைக் கணக்கில் எடுக்கிறீர்கள்? அதே பெயரை எத்தனை பேருக்கு விற்பீர்கள்? எண் தவறாக இருந்தால் வேறு தருவீர்களா? எனக்கு வேண்டாம் என்று தெரிந்துவிட்டதால் நான் இவற்றைக் கேட்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு மறுப்பது அவரைக் காக்க வைப்பதாகும். கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பக்கம் ஆர்வம் என்றே பதிவாகும்.

பதிலில் இல்லாத இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். “மன்னிக்கவும்” இல்லை. நான் எதையும் வாக்குக் கொடுத்து மீறவில்லை. மன்னிப்புக் கேட்டால், அவருக்கு நான் ஏதோ கடன்பட்டிருப்பது போலாகி, அந்த இடத்தில் பேரம் நுழையும். “நண்பர்களுக்குச் சொல்றேன்” என்பதும் இல்லை. மறுத்த சங்கடத்தைச் சமன்செய்ய நாம் எளிதாகக் கொடுத்துவிடுகிற வாக்கு அது. சொன்னால் சொல்ல வேண்டும். நான் பயன்படுத்தாத சேவையை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன், அவர்களைக் கேட்காமல் அவர்கள் எண்ணைக் கொடுக்கவும் மாட்டேன்.

என் எண்ணையும் கொடுக்கவில்லை. “பேசி நேரா சொல்லிடலாமே” என்று நினைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. எண் ஒரு பட்டியலில் ஏறினால், அது அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று 1909-க்குப் பதிவு செய்துகொள்ளலாம், மீறிக் கூப்பிட்டால் அங்கேயே புகாரும் கொடுக்கலாம், நான் செய்திருக்கிறேன். ஆனால் நாமே எண்ணைக் கொடுத்து “கூப்பிடுங்க” என்று எழுதியிருந்தால், அது நாம் சம்மதித்துப் பெற்ற அழைப்பாக ஆகிவிடுகிறது.

எங்கே பதில் சொல்வது என்பதும் ஒரு கேள்வி. அவர் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதினார், நானும் அங்கேயே எழுதினேன். தனிச் செய்தியில் மறுத்தால், லேபிளின் கீழே அவருடைய விளம்பரம் மட்டும் பதிலில்லாமல் நிற்கும். அந்தப் படத்தைப் பார்க்க வருகிறவர்கள் என் வருங்கால வாடிக்கையாளர்கள். பதிலில்லாத விளம்பரத்தைப் பார்த்தால், வீட்டு வாசலைக் கூட்டாமல் விட்டிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் பதிலையும் படிப்பார்கள். தெரியாத ஒருவரிடம் நான் எப்படிப் பேசுகிறேன் என்று பார்ப்பார்கள். நாளைக்கு அவர்களுடைய மாற்றங்களுக்கும் நான் “முடியாது” சொல்ல வேண்டி வரும்; அதை எந்தத் தொனியில் சொல்வேன் என்பதற்கு இது ஒரு மாதிரி. என் துறையில் ஒருவர் இதேபோன்ற அழைப்புக்கு “இங்க வந்து கடை விரிக்காதீங்க” என்று எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் கீழே இருபது முப்பது பேர் அவரவர் பட்ட கதையைச் சொல்லிச் சண்டை நீண்டு, அவர் போட்டிருந்த அழகான தேன் பாட்டிலைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

நாகரிகமாக எழுதிய கருத்தை நான் அழிப்பதில்லை. அதில் தொலைபேசி எண்ணோ இணைப்போ இருந்தால் மட்டும், பதில் எழுதி ஓரிரு நாள் கழித்து எடுத்துவிடுவேன். ஒருவருக்குப் பதில் சொன்னதைப் பார்த்து இன்னும் சிலர் வரிசையாக வந்தால், அந்தப் பதிவுக்கு மட்டும் யார் கருத்து எழுதலாம் என்பதை “தொடர்பில் இருப்பவர்கள் மட்டும்” என்று மாற்றிவிடலாம். லிங்க்ட்இன்னில் பதிவைப் போட்ட பிறகும் இதை மாற்ற முடியும்.

அந்த இளைஞர் விட்டுவிட்டாரா என்றால், இல்லை. மறுநாள் தனிச் செய்தி வந்தது. “மேடம், உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசிட்டேன். 8,000 ரூபாய்க்குப் பண்ணித் தர்றோம். இந்த வாரம் மட்டும்.” விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அதனால் அதற்குப் பதில் சொல்வது சிரமமாக இல்லை. “முயற்சி எடுத்ததுக்கு நன்றிங்க. விலை காரணம் இல்ல, என் முடிவு அதேதான்.” இவ்வளவுதான். முதல் பதில் ஐந்தாறு வரி, இரண்டாவது இரண்டே வரி. மூன்றாவதாக வந்திருந்தால் பதிலே இருந்திருக்காது; அதற்குப் பிறகும் வந்தால் தடுத்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்கம் எழுதினால், இன்னும் பேச இடமிருக்கிறது என்றே தோன்றும். அவர் மூன்றாவது முறை வரவில்லை. “ஓகே மேடம், ஆல் தி பெஸ்ட்” என்று முடித்துக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து எண்ணெய் ஆலைக்காரர் கூப்பிட்டார். படத்தில் அவருடைய நிறுவனப் பக்கத்தையும் இணைத்திருந்தேன். “ஏம்மா, அந்தப் பையன் எனக்கும் எழுதியிருக்கானே. நம்பரை நீதான் குடுத்தியா?” என்றார். குரலில் கோபமில்லை, ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. “இல்லீங்கய்யா, நான் யார் நம்பரையும் குடுக்கல. என்கிட்ட கேட்டப்போ வேண்டாம்னு அங்கேயே எழுதிட்டேன், பாருங்க” என்றேன். “பார்த்தேன், அதான் நீ குடுத்திருக்க மாட்டேன்னு நெனச்சேன்” என்றார். எல்லோரும் பார்க்கும் இடத்தில் மறுத்தது அன்றைக்கு உதவிய மாதிரி வேறெதுவும் உதவியிருக்காது.

எண்ணெய் லேபிளில் வாடிக்கையாளருடைய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருந்தே ஆக வேண்டும். நுகர்வோர் குறை சொல்ல வேண்டுமே. நாம் பின்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்துப் போட்டால், விற்பனைப் பட்டியல் தயாரிக்கிறவருக்கு அந்த எண்ணும் தெளிவாகவே கிடைக்கும். அதனால் நான் அச்சுக் கோப்பிலிருந்து காட்சிக்குத் தனிப் பிரதி எடுத்து, தொலைபேசி எண், மின்னஞ்சல், உரிம எண், பார்கோடு நான்கிலும் சுழியங்களைப் போட்டுத்தான் வெளியிடுவேன். ஆலைக்காரருடைய எண்ணையும் அந்த இளைஞர் படத்திலிருந்து எடுக்கவில்லை. நிறுவனப் பக்கத்திலேயே அவர் எண்ணைப் போட்டிருந்தார். இப்போது வாடிக்கையாளர் பக்கத்தை இணைப்பதற்கு முன்னால், “இணைச்சா உங்களுக்கும் இந்த மாதிரி அழைப்பு வரும், பரவாயில்லையா?” என்று கேட்டுவிடுகிறேன். சிலர் பெயர் மட்டும் போதும் என்கிறார்கள். சிலருக்கு அந்த வெளிச்சம் வேண்டும், வரட்டும் என்கிறார்கள்.

எல்லா அழைப்பையும் ஒரே மாதிரி மறுக்க வேண்டியதில்லை என்பதற்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து, ஸ்டிக்கர் காகிதம் விற்கும் ஒருவர் ஒரு மசாலா லேபிளின் கீழே எழுதினார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறாத ஒரு காகிதம் தன்னிடம் இருக்கிறது, ரோல் கணக்கில் தருகிறேன் என்று. நான் காகிதம் வாங்குவதில்லை, அச்சகம்தான் வாங்கும். ஆனால் எண்ணெய் பாட்டிலில் லேபிளின் ஓரம் கறை ஏறிக் கருத்துப் போவது எனக்கு நிஜமான தலைவலி. “நன்றிங்க. நான் காகிதம் வாங்குறதில்ல, அதனால ரோல் வேண்டாம். ஆனா மாதிரித் துண்டுகள் இருந்தா அனுப்புங்க, எண்ணெய் தடவிப் பார்க்கணும். தபால் செலவு என்னோடது” என்று எழுதினேன். எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று இரண்டும் முதல் பதிலிலேயே இருந்தன. அவர் பத்து வகைத் துண்டுகளை உறையில் போட்டு அனுப்பினார். கடலை எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். சாதாரணக் காகிதத் துண்டுகளில் எண்ணெய் மறுபக்கம் வரை இறங்கியிருந்தது. பிபி என்கிற பிளாஸ்டிக் பிலிம் துண்டுகளில் துடைத்தால் போய்விட்டது, அவர் சொன்ன காகிதத்தில் வெட்டிய ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக ஏறியிருந்தது. அந்த முடிவைப் படம் எடுத்து அவருக்கும் சிவகாசி அச்சகத்துக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். அவர்கள் இருவரும் விலை பேசிக்கொண்டது அவர்கள் பாடு.